சுருக்கத்தை வாசித்தவர் விடையைத் தப்பாக எழுதினால்: வகுப்புப் பதிவைச் சுருக்குவதில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளியல் நடத்துகிறேன். கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோர ஊர்களிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். ஐப்பசி மழை வலுத்தால் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். அதனால் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து, குரல்வழித் தட்டச்சில் எழுத்தாக்கி, அந்த எழுத்துப்பதிவை இரண்டு பக்கச் சுருக்கமாக்கி, வராதவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். மாணவர்களில் இரண்டு பேர் முறை வைத்து எழுதுவார்கள், நான் பார்த்துத் திருத்துவேன். முக்கியக் கருத்து, வரையறை, எடுத்துக்காட்டு என்று மூன்று பகுதி.

சுருக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவரும் நானும் வகுப்பில் இருந்தவர்கள். விட்டுப்போனதை எங்கள் நினைவே நிரப்பிவிடும். வகுப்புக்கு வராத ஒருவரிடம் கொடுத்து, வாசித்து முடித்ததும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்ல வேண்டும். கணக்கு ஒன்று, ஏன் என்று விளக்குவது ஒன்று. விடை எந்த விதத்தில் தப்பாகிறது என்பதுதான் அறிகுறி. அதை வைத்துச் சுருக்கத்தில் எந்த இடம் உடைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒரே வகுப்பை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தேவை, அளிப்பு, தேவையின் விலை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எந்த அளவுக்கு மாறுகிறது என்பது. 50 நிமிட வகுப்பு, எழுத்துப்பதிவு ஏறக்குறைய 4,000 சொல். நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று மீன்பிடித் தடைக்காலம். நம் மாவட்டத்தில் இது இரண்டு தவணையாக வரும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேர்வதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இன்னொன்று ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையில் பூ விலை ஏறுவது.

அறிகுறி: “சார், வாசிச்சேன், ஆனா ஒண்ணும் வெளங்கல” என்கிறார், எந்த இடம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை

இப்படி மொத்தமாக விளங்காமல் போனால் சுருக்கத்தைத் திருத்த உட்கார வேண்டாம். எழுத்துப்பதிவுக்குத் திரும்பிப் போங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

குரல்வழித் தட்டச்சுக்குத் தெரிந்த சொல் என்பது நாம் அன்றாடம் பேசும் சொல். பாடச் சொல் காதில் விழுந்தால், அதற்கு அருகில் ஒலிக்கும் பழகிய சொல்லை எழுதிவிடும். எங்கள் பதிவில் ‘நெகிழ்ச்சி’ பல இடங்களில் ‘நிகழ்ச்சி’ ஆகியிருந்தது. ‘அளிப்பு’ என்பது ‘அழைப்பு’ ஆகியிருந்தது. ‘தேவை’ இரண்டு இடத்தில் ‘சேவை’. இவை எழுத்துப்பிழை போலவே தெரியாது, ஏனென்றால் மூன்றும் அன்றாடம் புழங்கும் சொற்கள். ‘விலை நிகழ்ச்சி’ என்று வாசிக்கிற முதலாண்டு மாணவர் அப்படி ஒரு பாடச் சொல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்.

செய்ய வேண்டியது எளிது. சுருக்க ஆரம்பிக்கும் முன்பே, அந்த வகுப்பின் பாடச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு எட்டு, பத்துக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தப்பாகக் கேட்கக்கூடிய சொல்லை யோசித்து, அதை `Ctrl+F` போட்டுத் தேடுங்கள். ‘நெகிழ்ச்சி’யைத் தேடினால் சரியாக வந்தவைதான் கிடைக்கும். ‘நிகழ்ச்சி’யைத் தேட வேண்டும். தேடிக் கிடைத்ததை மொத்தமாக மாற்றிவிடவும் கூடாது. வகுப்பின் நடுவில் கல்லூரி விழா நிகழ்ச்சியைப் பற்றி நான் இரண்டு வாக்கியம் பேசியிருந்தேன், அதுவும் ‘நெகிழ்ச்சி’ ஆகிப்போனது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு கோளாறு, சுட்டுச் சொற்கள். “இது இங்க வந்தா அது அங்க போவும், பாத்துக்கோங்க” என்று கரும்பலகையைக் காட்டிச் சொல்லியிருப்பேன். வகுப்பில் இருந்தவருக்கு அது பாடத்தின் நடுமையம், எழுத்துப்பதிவில் வெறும் சத்தம். அந்த நிமிடத்தில் கரும்பலகையின் புகைப்படம் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஒலியை ஒரு நிமிடம் முன்னிருந்து கேளுங்கள். பிறகு ஒவ்வொரு ‘இது’வுக்கும் பெயர் கொடுத்து எழுத வேண்டும்: எந்தக் கோடு, எந்தப் பக்கம் நகர்ந்தது, அதனால் விலை என்ன ஆனது, அளவு என்ன ஆனது. மேலே சொன்ன வாக்கியம் சுருக்கத்தில் இப்படி ஆனது: “அளிப்புக் கோடு இடப்புறம் நகர்ந்தால், அது தேவைக்கோட்டை வெட்டும் புள்ளி மேலே இடப்பக்கம் போகும், விலை கூடும், வாங்கும் அளவு குறையும்.” பேச்சைவிடச் சுருக்கம் நீளமாகிறதே என்று தோன்றும். பரவாயில்லை, நீளமாக்க வேண்டிய இடம் இது.

அறிகுறி: விளக்கம் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது

முதல் சுருக்கத்தை வாசித்த ஒரு மாணவி எழுதிய விடை இது: “தடைக்காலத்தில் மீன் வரத்து குறைந்து விலை கூடும். விலை கூடியதால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை குறையும். எனவே விலை பழைய நிலைக்கே வரும்.”

ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆனி மாதத்தில் மீன் வாங்கப் போன யாருக்கும் முடிவு தப்பென்று தெரியும். வடசேரிச் சந்தையில் அப்படி ஒன்றும் விலை தானாகத் திரும்புவதில்லை. அவளிடம் கேட்டேன், “மக்ளே, தேவை கொறையும்னு எங்க வாசிச்ச?” “நீங்க குடுத்த தாளுலதான் சார்.” பார்த்தால் அப்படித்தான் இருந்தது: “விலை கூடினால் தேவை குறையும்.”

எழுத்துப்பதிவில் தேடினால், 12-ஆம் நிமிடத்தில் நானே சொல்லியிருக்கிறேன்: “வரத்து கொறையும், வெல கூடும். வெல கூடுனா தேவை கொறையும், சரியா?” பேச்சுவாக்கில் எல்லா ஆசிரியரும் இப்படிச் சொல்வதுதான். பிறகு 31-ஆம் நிமிடத்தில்: “முன்ன தேவை கொறையும்னு சொன்னேன்லா, அத திருத்திக்கோங்க. கொறஞ்சது தேவை இல்ல, தேவை அளவு. கோடு நவுரல. அதே கோட்டுலதான் மேல ஏறியிருக்கோம்.”

சுருக்கியவர் 12-ஆம் நிமிட வாக்கியத்தை எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அது குட்டியாக, சொல்லி வைத்தாற்போல இருந்தது. 31-ஆம் நிமிடத்தை விட்டுவிட்டார், ஏனென்றால் அது முன்னால் சொன்னதையே திரும்பச் சொல்வது போலத் தெரிந்தது. ஒரு வகுப்பில் ஆசிரியர் ஒரு விஷயத்துக்குத் திரும்பி வந்தால், அது வெறும் திரும்பச் சொல்லலா, திருத்தமா என்று நின்று பார்த்தே ஆக வேண்டும். “முன்ன சொன்னேன்லா”, “அப்படி இல்ல”, “இன்னொரு மாதிரி சொல்லுதேன்” போன்ற வார்த்தைகள் வரும் இடங்களை முதலிலேயே தேடிக் குறித்து வைத்துக்கொண்டால் இது தப்பாது.

இந்தக் கோளாறுக்கு மருந்து வரையறைப் பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு எழுத்துப்பதிவில் எத்தனை இடத்தில் விளக்கம் வருகிறதோ அத்தனையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். ‘தேவை’க்கு எங்களுக்கு ஐந்து கிடைத்தது. அவற்றில் நிபந்தனையோடு, நிதானமாகச் சொன்னது எதுவோ அதுதான் வரையறை. மற்றவை பேச்சு. பிறகு அந்தச் சொல்லோடு குழம்பக்கூடிய பக்கத்துச் சொல் எதுவோ அதையும் சேர்த்து, இரட்டையாகவே எழுத வேண்டும். எங்கள் இரண்டாம் சுருக்கத்தில் வந்தது இது:

“தேவை: விலையைத் தவிர மற்றவை (வருமானம், விருப்பம், மற்றப் பண்டங்களின் விலை) மாறாதிருக்கும்போது, ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு வாங்க மக்களுக்கு விருப்பமும் பணமும் இருக்கிறது என்ற முழுப் பட்டியல். வரைபடத்தில் இது முழுக் கோடு.

தேவை அளவு: அந்தப் பட்டியலில் ஒரே ஒரு விலைக்கு நேரே இருக்கும் எண். வரைபடத்தில் இது கோட்டின் மேல் ஒரு புள்ளி.

விலை மாறினால் புள்ளி நகரும், கோடு நகராது. மற்றவற்றில் ஒன்று மாறினால் கோடே நகரும்.”

இதை வாசித்துவிட்டு அந்த மாணவியே தன் விடையில் எந்த வரி தப்பென்று காட்டினாள். இரண்டாவது வரியில் குறைந்தது புள்ளி, மூன்றாவது வரியில் குறைந்ததாகச் சொன்னது கோடு, இரண்டுக்கும் ‘தேவை’ என்ற ஒரே சொல்லைப் போட்டதால் வட்டமடித்துவிட்டது.

இதில் சுருக்குகிறவர்கள் கைவிட வேண்டிய ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை நன்றாக இருக்காது என்று பள்ளியில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாடச் சுருக்கத்தில் ‘தேவை அளவு’ என்பதற்கு ஒரு இடத்தில் ‘தேவை’, ஒரு இடத்தில் ‘கிராக்கி’, ஒரு இடத்தில் ‘விற்பனை’ என்று மாற்றி எழுதினால், வாசிப்பவர் அவை நான்கும் வேறு வேறு என்றோ எல்லாம் ஒன்று என்றோ எடுத்துக்கொள்வார். இரண்டுமே தப்பு. பாடச் சொல்லை மட்டும் எத்தனை தடவை வந்தாலும் அப்படியே விடுங்கள்.

அறிகுறி: கணக்கு போடத் தெரிகிறது, விடை மட்டும் வேறு வருகிறது

வகுப்பில் போட்ட கணக்கு: சாளை மீன் கிலோ 200 ரூபாயிலிருந்து 240 ரூபாய்க்கு ஏறியது. தினமும் 10 கிலோ வாங்கிய உணவகக்காரர் 7 கிலோவாகக் குறைத்துக்கொண்டார். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

```
Ed = (ΔQ / Q) ÷ (ΔP / P)
```

Ed என்பது நெகிழ்ச்சி, Q அளவு, P விலை, Δ மாற்றம். அளவில் மாற்றம் 10-க்கு 3 குறைவு, அதாவது −30%. விலையில் மாற்றம் 200-க்கு 40 கூடுதல், +20%. வகுத்தால் −1.5. குறியை விட்டுவிட்டு 1.5 என்பது வழக்கம். ஒன்றைவிடப் பெரிது, ஆகவே நெகிழ்ச்சியுள்ள தேவை.

சுருக்கத்தில் இது “விலை 200–240, அளவு 10–7, நெகிழ்ச்சி 1.5” என்று ஒரே வரியில் போயிருந்தது. வராத மாணவர் ஒருவர் போட்டுப் பார்த்தால் 2.57 வந்தது. அவர் 240-ஐயும் 7-ஐயும் அடிப்படையாக வைத்திருக்கிறார்: அளவு 7-க்கு 3, அது 42.86%. விலை 240-க்கு 40, அது 16.67%. வகுத்தால் 2.57 சரிதான். கணக்கில் தப்பே இல்லை. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்ற திசையைத்தான் சுருக்கம் தின்றுவிட்டது. பேச்சில் “இருநூறுல இருந்து இருநூத்தி நாப்பது ஆச்சு” என்று இருந்தது. அந்த ‘இருந்து’ ஒரு சிறு சொல், ஆனால் வகுக்கும் எண் எது என்று சொல்வது அதுதான்.

இன்னொரு மாணவருக்கு 1.94 வந்தது. சுருக்கியவர் ஒரு புத்தகத்தைப் பார்த்து, நல்லெண்ணத்தில், நடுப்புள்ளி முறைச் சூத்திரத்தையும் கீழே சேர்த்திருந்தார். அந்த முறையில் இரண்டு எண்ணின் சராசரியை அடிப்படையாக வைப்பார்கள்: அளவுக்கு 8.5, விலைக்கு 220. எந்தத் திசையில் போனாலும் ஒரே விடை வரும் என்பதால் நல்ல முறைதான், ஆனால் நான் அதை அன்று நடத்தவில்லை. வகுப்புக்கு வராதவருக்கு, எது வகுப்பில் சொன்னது, எது பிறகு சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாகக் கோடு போட்டு, ‘வகுப்பில் இல்லாதது’ என்று தலைப்பிட்டுக் கீழே எழுதுங்கள்.

கணக்கு எடுத்துக்காட்டை மட்டும் நாங்கள் இப்போது சுருக்குவதே இல்லை. தொடக்க எண், முடிவு எண், எதால் வகுத்தோம், ஒவ்வொரு படியின் விடை, அலகு, கடைசியில் அந்த எண் என்ன சொல்கிறது என்ற ஒரு வாக்கியம், எல்லாம் முழுசாக இருக்கும். சுருக்கத்தின் மற்ற பகுதிகளில் இடம் மிச்சம் பிடித்து இங்கே செலவழிக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரியாகப் போட்டும், விடை நடக்கவே முடியாததாக இருக்கிறது

எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த அறிகுறிதான். கண்டுபிடிக்கவும் நேரமாயிற்று.

விளக்கக் கேள்வியோடு ஒரு கணக்கும் கொடுத்திருந்தேன்: ஓணத்துக்கு முந்திய வாரம் பிச்சிப்பூ கிலோ 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது, ஒரு தோவாளை வியாபாரி விற்ற அளவு 20 கிலோவிலிருந்து 30 கிலோ ஆனது. இதைப் பற்றி எழுதுக. இதுவும் நான் வைத்த எண்தான். சுருக்கத்தை வாசித்த மூன்று பேரும் ஒன்றுபோல விடை எழுதினார்கள்: அளவு +50%, விலை +100%, நெகிழ்ச்சி +0.5, ஒன்றைவிடச் சிறிது, ஆகவே பூவுக்கு நெகிழ்ச்சியற்ற தேவை.

விலை இரண்டு மடங்கு ஆன பிறகு அளவு கூடுகிறது. தேவைக்கோடு கீழ்நோக்கிச் சரியும் என்று அதே தாளின் முதல் பத்தியில் இருக்கிறது. ஆனாலும் மூன்று பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை என்று பார்த்தபோதுதான் சுருக்கம் எங்கே உடைந்தது என்று தெரிந்தது.

முதலில் எழுத்துப்பதிவு. 38-ஆம் நிமிடத்தில் இப்படிப் போகிறது: “மீனுக்கு போட்ட மாதிரி பூவுக்கு போட முடியாது. ஏன்? மீனுல தேவைக்கோடு அசையாம கெடந்தது, அளிப்புதான் நவுந்தது. அதனால நமக்கு கெடச்ச ரெண்டு புள்ளியும் ஒரே தேவைக்கோட்டுல இருக்கு. பூவுல தேவைக்கோடே வலப்பக்கம் போயிட்டு. முதல் புள்ளி பழைய கோட்டுல, ரெண்டாவது புள்ளி புது கோட்டுல. ரெண்டு வேற கோட்டுல இருக்குற புள்ளிய வச்சு நெகிழ்ச்சி கண்டுபிடிச்சா அது எந்தக் கோட்டோட நெகிழ்ச்சி?”

சுருக்கத்தில் இதற்கு வந்த வரி: “எடுத்துக்காட்டுகள்: 1. தடைக்கால மீன். 2. ஓணப் பூ.”

எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எடுத்துக்காட்டு என்ற தலைப்பின் கீழ் நாங்கள்தான் பட்டியல் போடச் சொல்லியிருந்தோம். பட்டியலில் போட்டதும் இரண்டும் ஒரே ரகம் ஆகிவிட்டன. மீன், நெகிழ்ச்சி வேலை செய்கிற இடத்துக்கு எடுத்துக்காட்டு. பூ, அது வேலை செய்யாத இடத்துக்கு எடுத்துக்காட்டு. வகுப்பில் ஆசிரியர் ஒன்றுக்கு எதிராக இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த ‘எதிராக’ என்பது குரலில் இருக்கும், கேள்வியில் இருக்கும், கரும்பலகையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டதில் இருக்கும். பட்டியலில் அதற்கு இடமில்லை.

சரி, எப்படித் திருத்தினோம்? ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் மூன்று கேள்வி வைத்துக்கொண்டோம். இது எந்தக் கருத்துக்காகச் சொல்லப்பட்டது? அந்தக் கருத்தில் எது எதுவாக இருக்கிறது, அதாவது இங்கே மாறியது எது, மாறாமல் இருந்தது எது? இது ஆம் என்பதற்கா, இல்லை என்பதற்கா? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் பூ தானாக மீனிலிருந்து பிரிந்து வந்துவிட்டது. திருத்திய பகுதி இப்படி இருந்தது:

“தடைக்கால மீன் (நெகிழ்ச்சி கணக்கிடலாம்): விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, வரத்து குறைகிறது. மாறியது அளிப்பு. வாங்குகிறவர்களின் வருமானமும் விருப்பமும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்கிறோம், ஆகவே தேவைக்கோடு நகரவில்லை. பழைய புள்ளியும் புதிய புள்ளியும் ஒரே தேவைக்கோட்டில் இருக்கின்றன.

ஓணப் பூ (இந்த இரண்டு எண்ணை வைத்து நெகிழ்ச்சி கணக்கிட முடியாது): அத்தப்பூக்களத்துக்காகக் கேரளத்திலிருந்து வந்து வாங்குகிறார்கள். ஒவ்வொரு விலைக்கும் முன்பைவிட அதிகம் வாங்க ஆள் இருக்கிறது. மாறியது தேவை, கோடே வலப்புறம் போய்விட்டது. இரண்டு புள்ளியும் இரண்டு கோட்டில் இருக்கின்றன. விலையும் அளவும் சேர்ந்து கூடினால், அளிப்பு ஒருபுறம் இருக்கட்டும், தேவைக்கோடு நகர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படவும்.”

‘வைத்துக்கொள்கிறோம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். தடைக்காலத்தில் மீன்பிடிக் குடும்பங்களின் வருமானமே குறைகிறது, அவர்களும் சந்தையில் வாங்குகிறவர்கள்தானே என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. கடற்கரை ஊரில் இருக்கும் சிறு சந்தைக்கு அந்த அனுமானம் நிற்காமல் போகலாம். எழுத்துப்பதிவில் அந்தக் கேள்வி யார் பேசியது என்ற அடையாளமே இல்லாமல், என் பேச்சோடு சேர்ந்து கிடந்தது. முதல் சுருக்கத்தில் அது நான் சொன்ன கருத்தாகவே ஏறியிருந்தது. இப்போது ‘வகுப்பில் வந்த கேள்வி’ என்று தனி வரியாக, என் பதிலோடு போடுகிறோம்.

அறிகுறி: கதை நினைவிருக்கிறது, கருத்து நினைவில்லை

“விலை நெகிழ்ச்சின்னா என்ன?” “தடைக்காலத்துல மீன் வெல கூடும் சார்.” இது வந்தால், சுருக்கத்தில் எடுத்துக்காட்டு கருத்துக்கு முன்னால் வந்திருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் அப்படித்தான் நடத்துவோம், முதலில் கதை, அப்புறம் கருத்து. எழுத்துப்பதிவும் அதே வரிசையில் இருக்கும். சுருக்கத்தில் திருப்பிப் போடுங்கள்: கருத்து ஒரு முழு வாக்கியமாக, பிறகு வரையறை, பிறகு எடுத்துக்காட்டு. ‘விலை நெகிழ்ச்சி’ என்று தலைப்பு மட்டும் போடுவது கருத்து ஆகாது. “விலை ஒரு சதவீதம் மாறும்போது தேவை அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதை விலை நெகிழ்ச்சி அளக்கிறது” என்று வினைச்சொல்லோடு முடிய வேண்டும்.

அறிகுறி: பாதியிலேயே வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்

நீளம்தான் காரணம். 4,000 சொல்லிலிருந்து எங்களுக்கு 600 முதல் 700 சொல் வரை சரியாக இருக்கிறது. வருகைப் பதிவு, சத்தம் போடாதே என்று சொன்னது, ஒரே விஷயத்தை இரண்டாம் முறை அதே விதத்தில் சொன்னது, எல்லாம் போகட்டும். தேர்வுத் தேதி, கொண்டுவர வேண்டிய நோட்டு போன்ற அறிவிப்புகளை மட்டும் தாளின் தலையில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள், வராதவர் முதலில் தேடுவது அதைத்தான்.

திருத்திய பிறகு

இரண்டாம் சுருக்கத்தை, முதல் தாளைப் பார்க்காத வேறு மூன்று பேரிடம் கொடுத்தேன். முதல் தாளை வாசித்தவர்களிடமே கொடுத்தால் பழைய தப்பு நினைவில் இருக்கும், சோதனை ஆகாது. கேள்வியையும் மாற்றினேன். மீனும் பூவும் வேண்டாம், ஓணத்துக்கு ஏத்தன் வாழைக்குலை விலை ஏறுவதைக் கொடுத்தேன், விலை, அளவு இரண்டும் கூடுகிற எண்களோடு. மூன்று பேரில் இரண்டு பேர், தேவைக்கோடு நகர்ந்திருப்பதால் இதில் நெகிழ்ச்சி கணக்கிட முடியாது என்று காரணத்தோடு எழுதினார்கள்.

மூன்றாமவரும் கோடு நகர்ந்தது என்றுதான் எழுதினார், ஆனால் வரைபடத்தில் கோட்டை வலப்புறத்துக்குப் பதில் மேல்நோக்கி நகர்த்தியிருந்தார். என்னவென்று பார்த்தால், விலையைப் படுக்கை அச்சிலும் அளவை நிலை அச்சிலும் வைத்திருக்கிறார். கணிதத்தில் காரணமாக இருப்பதைப் படுக்கை அச்சில் வைத்துப் பழகியவர், அவர் செய்தது இயல்புதான். பொருளியலில் விலையை நிலை அச்சில் வைப்பது வழக்கம் என்று நான் வகுப்பில் வாயால் சொல்லவே இல்லை, கரும்பலகையில் வரைந்தேன், எல்லாரும் பார்த்து வரைந்துகொண்டார்கள். ஆகவே எழுத்துப்பதிவில் அது இருக்க வாய்ப்பே இல்லை. இப்போது வரைபடம் வருகிற ஒவ்வொரு சுருக்கத்திலும் முதல் வரி இதுதான்: “நிலை அச்சில் விலை, படுக்கை அச்சில் அளவு. வாசிக்கும் முன் ஒரு தாளில் இதை வரைந்து வைத்துக்கொள்ளவும்.”